பார்க்க இரட்டைப் பிள்ளைகள், விடை வேறு: பின்னக் கூட்டல்களின் எல்லைக்கு எந்த வழி?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் கணக்கு இது. இரண்டு கூட்டல்கள். இரண்டிலும் k, 1-லிருந்து n வரை ஓடுகிறது. n முடிவிலியை நோக்கிப் போகும்போது எல்லை என்ன?

```
A:  Σ 1/√(n² + k)
B:  Σ 1/√(n² + k²)
```

வித்தியாசம் k-யின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன 2 மட்டும்தான். ஆனால் A-யின் எல்லை 1. B-யின் எல்லை ln(1+√2), அதாவது சுமார் 0.881. n = 10 என்று வைத்துக் கையால் கூட்டிப் பார்த்தாலே பிரிவு தெரிந்துவிடும்: A சுமார் 0.974, B சுமார் 0.866.

"முதல் கணக்குக்கு சாண்ட்விச் போட்டேன், வந்தது. அதையே இரண்டாவதுக்குப் போட்டேன், வரவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?" என்பதுதான் வழக்கமான கேள்வி. கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: சாண்ட்விச் தேற்றம், வரையறுத்த தொகையிடலாக அடையாளம் காண்பது, கூட்டலுக்கே நேரடி வாய்பாடு கண்டுபிடிப்பது. மூன்றையும் எடை போடலாம்.

இன்னொரு வழியும் விடைத்தாள்களில் வரும், அதை இங்கேயே தள்ளிவிடுகிறேன். "ஒவ்வோர் உறுப்பும் 0-க்குப் போகிறது, ஆகவே கூட்டலும் 0." உறுப்பு சிறுத்துக்கொண்டே போகும் அதே வேகத்தில் உறுப்புகளின் எண்ணிக்கையும் பெருகிக்கொண்டே போகிறது. கூட்டலின் எல்லை, எல்லைகளின் கூட்டல் என்ற விதி உறுப்புகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால்தான் செல்லும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், கணக்கு அந்த வழிக்குப் பொருந்துகிறதா என்பதைச் சில வினாடிகளில் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். இரண்டாவது, எவ்வளவு வேலை வைக்கும். மூன்றாவது, கிடைக்கும் விடைக்கு நிரூபணத்தின் பலம் இருக்கிறதா, இல்லை தற்செயலாக வந்ததா. நான்காவதைப் பலர் கேட்பதே இல்லை: n = 100 என்று நிறுத்தினால் விடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்போம் என்று அந்த வழி சொல்லுமா?

முதல் அளவுகோலுக்கு நான் பயன்படுத்துவது படி பார்ப்பது. n-ஐயும் k-யையும் சமமாக மதித்து, ஒவ்வொரு உறுப்பின் படியையும் எண்ணுங்கள். B-யில் n², k² இரண்டும் படி 2. வர்க்கமூலம் எடுத்தால் 1, பகுதியில் இருப்பதால் −1. உறுப்பு முழுக்கவும் சமபடித்தானது, படி −1. இது தொகையிடலின் அடையாளம். A-யில் n² படி 2, k படி 1. சமபடி இல்லை. k தன் பக்கத்திலிருக்கும் n²-க்கு முன்னால் பலவீனமாக நிற்கிறது. அது சாண்ட்விச்சின் அடையாளம்.

படி −1 ஏன் என்று கேட்டால்: ஒவ்வொரு உறுப்பிலும் 1/n-ஐ வெளியே எடுத்த பிறகு மீதி k/n-ஐ மட்டும் நம்பியிருக்க வேண்டும். படி −1 உள்ள சமபடிக் கோவையில்தான் அது நடக்கும். அந்த 1/n செவ்வகத்தின் அகலம், மீதி அதன் உயரம்.

## சாண்ட்விச் தேற்றம்

A-யில் மிகச் சிறிய உறுப்பு k = n-இல் வருகிறது, மிகப் பெரியது k = 1-இல். மொத்தம் n உறுப்புகள். ஆகவே

```
n/√(n² + n)  ≤  A  ≤  n/√(n² + 1)
```

இரண்டு ஓரமும் 1-க்குப் போகின்றன. இரண்டு வரியில் கணக்கு முடிந்தது, நிரூபணமும் முழுமை.

ஏன் இவ்வளவு எளிதில் வந்தது? n-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 1 + k/n² மிஞ்சும். k எவ்வளவு ஓடினாலும் k/n² என்பது 1/n-ஐத் தாண்டாது. அதாவது உறுப்புகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு. எல்லாரும் ஒரே உயரம் என்றால், குட்டையானவரையும் நெட்டையானவரையும் மட்டும் அளந்தாலே போதுமல்லவா?

இந்த வழி எங்கே கைவிடும் என்பதையும் இதே காரணம் சொல்லிவிடுகிறது. Σ 1/(n+k)-ஐ எடுங்கள். மிகச் சிறிய உறுப்பு 1/(2n), மிகப் பெரியது 1/(n+1). n-ஆல் பெருக்கினால் கீழ்வரம்பு 1/2, மேல்வரம்பு n/(n+1), அது 1-க்குப் போகிறது. விடை 1/2-க்கும் 1-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. முதல் உறுப்பு கடைசி உறுப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இங்கே எல்லாரும் ஒரே உயரம் இல்லை.

வரம்புகள் இரண்டும் வெவ்வேறு எண்ணுக்குப் போனால் வழி தவறு என்று உடனே தெரியும். அந்த வகையில் சாண்ட்விச் நேர்மையானது, பொய்யான விடையைத் தராது. வராத கணக்கில் வரம்புகளைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்குவதுதான் இதன் மறைமுகச் செலவு. ஒருமுறை போட்டு ஓரங்கள் சேரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

## வரையறுத்த தொகையிடலாக அடையாளம் காண்பது

அதே Σ 1/(n+k). 1/n-ஐ வெளியே எடுங்கள்:

```
(1/n) Σ 1/(1 + k/n)   →   ∫₀¹ dx/(1+x)  =  ln 2
```

[0, 1] என்ற இடைவெளியை n சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் வலது ஓரத்திலும் 1/(1+x)-இன் உயரத்துக்குச் செவ்வகம் நிறுத்தியிருக்கிறோம். f தொடர்ச்சியான சார்பு, இடைவெளி மூடியது, ஆகவே செவ்வகங்களின் மொத்தப் பரப்பு தொகையிடலுக்குப் போகிறது. ரீமன் 1854-இல் தொகையிடலுக்குத் தந்த வரையறையே இந்த மாதிரிக் கூட்டல்களின் எல்லைதான். நாம் அதைப் பின்பக்கமாக வாசிக்கிறோம்.

B-யும் அப்படியே. 1/n வெளியே போனால் 1/√(1+x²), அதன் தொகையிடல் ln(x + √(1+x²)), 0-விலிருந்து 1 வரை ln(1+√2).

எத்தனை துல்லியம் என்பதற்கும் இங்கே நல்ல பதில் உண்டு. f போதிய அளவு வழவழப்பாக இருந்தால், வலது ஓரக் கூட்டலுக்கும் தொகையிடலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ (f(1) − f(0))/(2n). நம் கணக்கில் f(1) = 1/2, f(0) = 1, ஆகவே −1/(4n). n = 10-இல் கூட்டல் 0.66877, ln 2 என்பது 0.69315. குறைவு 0.0244. வாய்பாடு சொன்னது 0.025. n = 100-இல் கூட்டல் 0.69065, குறைவு 0.0025. விடை சரியா என்று சந்தேகம் வந்தால் n = 10 வரை கால்குலேட்டரில் கூட்டி, இந்தத் திருத்தத்தைச் சேர்த்துப் பாருங்கள். ln 2-க்குப் பதில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மறைமுகச் செலவுகள். இவைதான் மதிப்பெண்ணைத் தின்பவை.

அகலம். Σ 1/(n+2k), k = 1 முதல் n வரை. "x = 2k/n" என்று வைத்து ∫ dx/(1+x), 0-விலிருந்து 2 வரை, விடை ln 3 என்று எழுதுபவர்கள் நிறைய. x = 2k/n என்றால் செவ்வகத்தின் அகலம் 2/n, கையில் இருப்பதோ 1/n. ஆகவே பாதி: (1/2) ln 3. x = k/n என்றே எப்போதும் வைத்து 1/(1+2x) என எழுதினால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. நான் அந்த ஒரு பழக்கத்தைத்தான் வற்புறுத்துவேன்.

ஓட்டத்தின் எல்லை. தமிழில் 'எல்லை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் குழப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. k, 3n வரை ஓடினால் தொகையிடலின் மேல் எல்லை 3. n − 1 வரை ஓடினாலும் n + 5 வரை ஓடினாலும் அது 1-தான், ஏனென்றால் கூடக் குறைய வரும் சில உறுப்புகள் தனித்தனியே 0-க்குப் போகின்றன. ஆனால் k, n² வரை ஓடினால்? Σ n/(n²+k²) கூட்டலில் k = n வரை என்றால் விடை ∫₀¹ dx/(1+x²) = π/4. k = n² வரை என்றால் x என்பது n வரை போகிறது, இடைவெளியே நீண்டுகொண்டு போகிறது. விடை ∫₀^∞, அதாவது π/2. ஆனால் இது மூடிய இடைவெளிக்கான தேற்றத்திலிருந்து வராது. 1/(1+x²) இறங்கும் சார்பு என்பதால் ஒவ்வொரு செவ்வகத்தையும் அதன் இரு பக்கத்துப் பரப்புகளோடு ஒப்பிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

உடைந்த சார்பு. இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறேன், ஏனென்றால் இங்கே வழி நம்மை வாய்விட்டு எச்சரிக்காது. சார்பு ஓர் ஓரத்தில் மட்டும் முடிவிலிக்குப் போய், ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ பெரும்பாலும் தப்பித்துவிடலாம். Σ 1/√(n²−k²), k = 0 முதல் n−1 வரை: விடை π/2, ஏறும் சார்பு என்பதால் செவ்வக ஒப்பீடு காப்பாற்றுகிறது. ஆனால் இதைப் பாருங்கள்:

```
Σ 1/(3k − n),   k = 1 முதல் n வரை   (n, 3-ஆல் வகுபடாத எண்)
```

படி −1, சமபடி, எல்லாம் சரி. 1/n வெளியே போனால் 1/(3x−1). கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் (1/3) ln|3x−1|, 0-விலிருந்து 1 வரை, (1/3) ln 2, சுமார் 0.231. அழகாக வந்துவிட்டது. இப்போது எண்ணைப் போடுங்கள். n = 10 என்றால் கூட்டல் சுமார் −0.297. n = 11 என்றால் சுமார் 0.905.

n ஒன்று கூடியதற்கு விடை குறியே மாறிவிட்டது. x = 1/3-இல் சார்பு முடிவிலிக்கு உடைகிறது, அங்கே தொகையிடல் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த இடத்துக்கு அருகே வரும் பின்னங்கள் சின்னவையும் அல்ல. n = 10-இல் பகுதி −1, 2 என்று அந்த இடத்தைத் தாண்டுகிறது, n = 11-இல் −2, 1 என்று. ஒன்றில் −1 என்ற முழு எண்ணே கூட்டலுக்குள் வருகிறது, மற்றதில் +1. n எவ்வளவு பெரிதானாலும் இது கரையாது. n-ஐ 3-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் கூட்டல் (1/3) ln 2 − π/(3√3)-ஐ நோக்கிப் போகும், அது சுமார் −0.374. மீதி 2 வந்தால் அதே அளவு கூட்டலாகி, சுமார் 0.836. எல்லையே கிடையாது. 0.231 இரண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே சும்மா நிற்கும் எண்.

ஆகவே f(x)-ஐ எழுதியதும் [0, 1]-இல் பகுதி எங்காவது 0 ஆகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பத்து வினாடி வேலை.

## நேரடி வாய்பாடு

கூட்டலை n-இன் கோவையாகவே எழுத முடிந்தால் எல்லை எடுப்பது அடுத்த வரி. Σ k²/n³ என்றால் வர்க்கங்களின் கூட்டல் வாய்பாட்டிலிருந்து (n+1)(2n+1)/(6n²), எல்லை 1/3. தொகையிடலும் ∫x² dx = 1/3 என்று ஒரே வரியில் தருகிறது. வாய்பாட்டு வழியில் n = 10-க்குச் சரியான மதிப்பே (0.385) கிடைக்கிறது என்பது கூடுதல் வரவு.

உறுப்புகள் அடுத்தடுத்து வெட்டிக்கொள்ளும் Σ 1/(k(k+1)) போன்றவற்றுக்கு இது ஒன்றே வழி. அங்கே படி −2, n உறுப்புக்குள் வரவே இல்லை, முதல் உறுப்பு எப்போதும் 1/2. சிறு பின்னங்களின் கூட்டம் அல்ல அது, தொகையிடலைத் தேடிப் போகாதீர்கள்.

Σ 1/(n+k)-க்கும் இந்த வழி உண்டு. 1 + 1/2 + … + 1/n என்பது ln n + 0.5772…-ஐ நெருங்குகிறது என்பது ஆய்லர் காட்டியது. 2n வரைக்கும் n வரைக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் கூட்டல். மாறிலி வெட்டிக்கொண்டு போக, ln 2n − ln n = ln 2. அழகு, ஆனால் தெரிந்த ஒருவருக்கு மட்டும். B-க்கு இப்படி ஒரு வாய்பாடு தேடி உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சாண்ட்விச் | தொகையிடல் | நேரடி வாய்பாடு |
|---|---|---|---|
| பார்த்ததும் தெரிவது | n-க்கு முன் k-யின் படி பலவீனம் | சமபடி, படி −1 | k-யின் அடுக்குகள், வெட்டிக்கொள்ளும் உறுப்புகள் |
| வேலை | இரண்டு வரி | தொகையிடத் தெரிந்தால் மூன்று வரி | வாய்பாடு இருந்தால் சுலபம், இல்லையேல் முடியாது |
| தவறினால் | ஓரங்கள் சேராது, தெரிந்துவிடும் | தவறான விடை சத்தமில்லாமல் வரும் | வழியே கிடைக்காது |
| n நின்றால் | மேல், கீழ் வரம்பு | பிழை ஏறத்தாழ (f(1)−f(0))/(2n) | சரியான மதிப்பு |

என் தேர்வு: சமபடியா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் தொகையிடல், பகுதி 0 ஆகிறதா என்ற சோதனையோடு. இல்லை என்றால் சாண்ட்விச். வாய்பாட்டை, அது தானாக முகம் காட்டினால் ஒழிய, தேடிப் போக மாட்டேன்.

## இரண்டுக்கும் நடுவே விழுபவை

தேர்வில் கெட்டிக்காரக் கேள்வியாளர்கள் வைப்பது இந்த வகையை:

```
Σ n/(n² + k² + k),   k = 1 முதல் n வரை
```

படி பாருங்கள். n², k² இரண்டும் 2, ஆனால் கடைசி k மட்டும் 1. சமபடி இல்லை, ஆகவே சாண்ட்விச் என்று ஓடினால், பெரிய உறுப்பு n/(n²+2), சிறிய உறுப்பு n/(2n²+n). n-ஆல் பெருக்கினால் ஒன்று 1-க்கும் மற்றது 1/2-க்கும் போகிறது. சேரவில்லை. நேரே தொகையிடல் என்றால் 1/n-ஐ வெளியே எடுத்த பிறகு உள்ளே k/n² என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது x-இன் சார்பு அல்ல. "அது 0-க்குப் போகிறது, விட்டுவிடலாம்" என்று எழுதினால் விடை சரியாகத்தான் வரும், ஆனால் திருத்துபவர் காரணம் கேட்பார்.

இங்கே சாண்ட்விச்சின் இரண்டு ரொட்டிகளையும் தொகையிடலாக வைத்துக்கொள்ளலாம். k² + k என்பது k²-ஐ விடப் பெரிது, (k+1)²-ஐ விடச் சிறிது. ஆகவே

```
n/(n² + (k+1)²)  <  n/(n² + k² + k)  <  n/(n² + k²)
```

மேலே இருக்கும் கூட்டல் π/4-க்குப் போகும் அதே பழைய கூட்டல். கீழே இருப்பதும் அதுதான், முதல் உறுப்பு போய் கடைசியில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. அந்த இரண்டு உறுப்புகளும் 0-க்குப் போவதால் அதன் எல்லையும் π/4. நடுவில் இருப்பதற்கு வேறு போக்கிடம் இல்லை.

n = 10-க்கு மூன்றையும் கூட்டிப் பார்த்தேன்: கீழே 0.706, நடுவில் 0.735, மேலே 0.760. π/4 என்பது 0.785. மூன்றுமே இன்னும் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. "மேல்வரம்பு விடையைவிடக் குறைவாக இருக்கிறதே" என்று ஒரு மாணவி கேட்டாள். மேல்வரம்பு போட்டது n = 10-இல் உள்ள கூட்டலுக்கு, அதன் எல்லைக்கு அல்ல. 1/(1+x²) இறங்கும் சார்பு என்பதால் வலது ஓரச் செவ்வகங்கள் எப்போதும் வளைவுக்கு அடியில்தான் நிற்கும். திருத்தம் (1/2 − 1)/20 = −0.025 என்று போட்டுப் பார்த்தால் 0.760 என்ற மேல் எண் அப்படியே கிடைக்கிறது.